ஊர்க் காலிமனையை ஒப்படைக்கக் கோரும் வக்கீல் நோட்டீஸ்: முதன்முறை அனுப்புவோருக்கு

தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டைப் பக்கங்களில் அப்பா காலத்தில் வாங்கிப் போட்ட மனை ஒன்று இங்கே சிங்கப்பூரில் பல தமிழ்க் குடும்பங்களுக்கு உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுமுறையில் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம். ஒருமுறை போகும்போது அங்கே வேலி இருக்கிறது, உள்ளே மாடு கட்டியிருக்கிறது, கேட்டில் வேறொருவர் பூட்டுத் தொங்குகிறது. அந்த நிலையில் அனுப்பப்படுவதுதான் மனையைக் காலி செய்து ஒப்படைக்கக் கோரும் வக்கீல் நோட்டீஸ். அதன் ஒவ்வொரு பகுதியும் எதற்காக இருக்கிறது, எந்த வாக்கியம் நம்மைக் காக்கும், எந்த வாக்கியம் நம் காலையே வாரிவிடும் என்பதை ஒரு மனையை முன்வைத்து விளக்க முயல்கிறேன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். சிங்கப்பூரில் நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அந்தப் பதிவுக்கு அரசின் உறுதி இருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் நீண்ட காலம் இருந்துவிட்டேன் என்பதால் உரிமை கேட்கும் வழியும் இங்கே 1994 மார்ச் 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. இந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, 'பத்திரம் என் பெட்டியில் இருக்கும்போது அவன் எத்தனை வருடம் இருந்தால் என்ன' என்று தோன்றுவது இயல்பு. தமிழ்நாட்டில் நிலைமை அப்படியன்று. அங்கே பதிவு செய்யப்படுவது பத்திரம்தான்; அந்தப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தவருக்கு உரிமை இருந்ததா என்பதற்குப் பதிவு அலுவலகம் உறுதி தருவதில்லை. அதைவிட முக்கியமானது 1963ஆம் ஆண்டின் இந்தியக் காலவரையறைச் சட்டம். உரிமையின் அடிப்படையில் நிலத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கை, எதிராளியின் அனுபவம், அதாவது நிலத்தை அவர் தம் கைவசம் வைத்திருப்பது, உரிமையாளருக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 65ஆவது உறுப்பு சொல்கிறது. அந்தக் காலம் முடிந்தால் வழக்குப் போடும் வாய்ப்பு மட்டுமன்று, சொத்தின் மீதான உரிமையே அற்றுப்போகிறது என்று அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு சொல்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தார் என்பதற்காக அந்தக் கணக்கில் ஒரு நாளும் கழிக்கப்படுவதில்லை. கழிவு கிடைப்பது எதிர்த்தரப்பினர் இந்தியாவில் இல்லாத காலத்துக்கே.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது, நோட்டீஸ் அனுப்புவதால் அந்த 12 ஆண்டு ஓட்டம் நிற்பதில்லை என்பது. வழக்குத் தாக்கல் செய்தால்தான் நிற்கும். ஆண்டுக்கு ஒன்றாகப் பத்து நோட்டீஸ் அனுப்பியவரும் பதின்மூன்றாம் ஆண்டில் நீதிமன்றத்துக்குப் போனால், அந்தப் பத்து நோட்டீஸும் அவருக்குக் காலத்தை வாங்கித் தந்திருக்காது. அத்துமீறி நுழைந்தவர் மீது வழக்குத் தொடுக்குமுன் நோட்டீஸ் அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை. அப்படியானால் ஏன் அனுப்புகிறோம்? வழக்கில்லாமலே சிலர் காலி செய்துவிடுகிறார்கள் என்பது ஒரு காரணம். எதிராளி எந்த உரிமையைச் சொல்லப் போகிறார் என்பது அவருடைய பதிலில் வெளிப்பட்டுவிடும் என்பது இன்னொன்று. நோட்டீஸைப் பெற்ற பிறகு அவர் அங்கே செங்கல் அடுக்கிக் கட்டினால், இது என் நிலம் என்று நல்லெண்ணத்தோடு நம்பிக் கட்டினேன், செலவுத் தொகையைக் கொடுங்கள் என்று பிற்பாடு கேட்பது அவருக்குக் கடினம் என்பது மூன்றாவது. கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும் இடங்களில் இதுவே முதன்மையான காரணம் என்று சொல்வேன்.

இனி நம் மனைக்கு வருவோம். விளக்கத்துக்காக நானே அமைத்துக்கொண்ட மனை இது. பட்டுக்கோட்டைக்கு அருகே ஓர் ஊராட்சியில், நாற்பதுக்கு அறுபது அடி, ஆக 2,400 சதுர அடி. ஊர்க்கணக்கில் ஏறத்தாழ ஐந்தரை சென்ட். 1994இல் அப்பா கிரையம் வாங்கினார். உயில் எழுதாமல் 2011இல் காலமானார். மகன் உட்லண்ட்ஸில் இருக்கிறார், மகள் திருச்சியில் கணவர் வீட்டில் இருக்கிறார். ஊரில் தனியாக இருந்த அம்மா 2014 ஜூனில் மகளோடு போய்த் தங்கினார். போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம், 'தம்பி, மனையைக் கொஞ்சம் பாத்துக்கப்பா, ஆடு வேணும்னா கட்டிக்க, இருக்குற ரெண்டு தென்னையில விழறத எடுத்துக்க' என்று சொல்லிவிட்டுப் போனார். காகிதம் ஏதும் எழுதவில்லை, காசும் வாங்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேலியும் தென்னைகளும் சாய்ந்தன. 2019 ஜனவரியில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கல்தூண் நட்டுக் கம்பி வேலி போட்டு, கேட் வைத்துப் பூட்டி, வடமேற்கு மூலையில் பன்னிரண்டுக்கு இருபது அடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுடன் மாட்டுக் கொட்டகை கட்டினார். கேட்டபோது, 'இது எங்க அனுபவத்துல உள்ள எடம்' என்றார்.

இந்தக் கதையை நோட்டீஸில் எழுதச் சொன்னால், பெரும்பாலானோர் கோபத்தில் இப்படித்தான் தொடங்குவார்கள்: 'தாங்கள் 2014ஆம் ஆண்டு முதல் எங்கள் மனையில் சட்டவிரோதமாக அத்துமீறி நுழைந்து ஆக்கிரமித்து வருகிறீர்கள்.' அம்மா அனுமதி கொடுத்தது நமக்குப் பலவீனம் என்று எண்ணி அதை மறைத்தும்விடுவார்கள். இதைப் போன்ற வரைவுகளை வாரக்கடைசிகளில் நண்பர்களோடு உட்கார்ந்து படிக்கும்போது என் மனம் பதறுவது இந்த ஒரு வாக்கியத்தில்தான். அவருடைய அனுபவம் 2014 ஜூனிலேயே நமக்கு எதிரானதாகத் தொடங்கிவிட்டது என்று நாமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறோம். அந்தக் கணக்கில் 12 ஆண்டு 2026 ஜூனில் முடிந்துவிடும். நோட்டீஸில் உள்ள கூற்று பின்னாளில் நம் தரப்பின் ஒப்புதலாக நீதிமன்றத்தில் காட்டப்படக்கூடியது. வாய்தவறிச் சொன்னேன் என்று எளிதில் திரும்பப் பெற முடியாது.

உண்மையில் அனுமதிதான் இங்கே நம் பலம். எதிரிடை அனுபவத்தால் உரிமை கேட்பவர், வன்முறையின்றி, ஒளிவுமறைவின்றி, உரிமையாளரின் அனுமதியின்றி இருந்ததைக் காட்ட வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2004இல் கர்நாடக வக்பு வாரிய வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அனுமதியோடு ஆடு கட்டியவர் எத்தனை ஆண்டு கட்டினாலும் அந்த அனுபவம் நமக்கு எதிரானதாகாது. ஆகவே 2014 முதல் 2018 வரையுள்ள காலத்தை உள்ளது உள்ளபடி அனுமதிக் காலம் என்றே எழுதுகிறோம். வேலியும் பூட்டும் வந்த 2019 ஜனவரிதான் எதிர்ப்பு வெளிப்பட்ட நாள். அதையே நமக்குப் பாதகமான மிகக் கடுமையான கணக்காக வைத்துக்கொண்டாலும், கெடு 2031 ஜனவரிவரை நீள்கிறது. ஒரே நிகழ்வை எழுதும் விதத்தில் நாலரை ஆண்டு வேறுபாடு வருகிறது.

இதற்காக உண்மையைத் திருத்தி எழுதலாம் என்று பொருள் கொள்ளக்கூடாது. அனுமதியே கொடுக்காத இடத்தில் கொடுத்ததாக எழுதினால், யார் கொடுத்தார், எப்போது, யார் முன்னிலையில் என்ற குறுக்கு விசாரணையில் அது நிற்காது. நம் உதாரணத்தில் அனுமதி கொடுத்தவர் அம்மா. அவர் உயிரோடு இருக்கிறார், சாட்சி சொல்ல முடியும். மகன் நியமிக்கும் பவர் ஏஜண்டு அம்மா நேரில் சொன்ன ஒன்றைப் பற்றி அம்மாவுக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல முடியாது. வயதான பெற்றோர் இருக்கும் குடும்பங்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அவர் எப்போதாவது பணம் கொடுத்தாரா என்பதையும் குடும்பத்தில் எல்லோரிடமும் கேட்டுவிட வேண்டும். தேங்காய்க்குக் குத்தகையாகவோ அடிமனை வாடகையாகவோ ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாய் அம்மாவின் கையில் கொடுத்திருந்தாலும், அவர் தம்மை வாடகைதாரர் அல்லது குத்தகைதாரர் என்று சொல்ல இடமுண்டு. அப்போது சட்டமே வேறு: குத்தகையை முடிவுக்குக் கொண்டுவரும் முறையான நோட்டீஸ் வேண்டும், விளைநிலமானாலும், காலிமனையை வாடகைக்கு எடுத்துத் தாமே கட்டடம் எழுப்பியவரானாலும், தமிழ்நாட்டில் அவர்களுக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டங்கள் இருக்கின்றன. இக்கட்டுரையில் சொல்லும் நோட்டீஸ் அந்த நிலைக்குப் பொருந்தாது.

அடுத்து ஆவணங்கள். நோட்டீஸில் ஆவணங்களை அடுக்குவது எதிராளியை மிரட்டுவதற்காக அன்று. இந்த மனை முன்பு யாரிடம் இருந்தது, எந்த வழியாக எங்களிடம் வந்தது என்ற சங்கிலியில் ஒரு கண்ணியும் விடுபடவில்லை என்று காட்டுவதற்காக. அதில் தலையாயது 1994ஆம் ஆண்டுக் கிரையப் பத்திரம். அதன் ஆவண எண், ஆண்டு, பதிவான சார்பதிவாளர் அலுவலகம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். எண்ணில்லாமல் 'முறைப்படி கிரையம் பெற்றார்' என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. அப்பாவுக்கு விற்றவர் எப்படி வாங்கினார் என்பதைச் சொல்லும் தாய்ப் பத்திரம் அடுத்தது. பிறகு வில்லங்கச் சான்று. இதை `tnreginet.gov.in` தளத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். நோட்டீஸுக்கு முன்பே எடுத்துப் பார்ப்பது அவசியம், ஏனெனில் இடைப்பட்ட ஆண்டுகளில் யாராவது அந்த மனைக்குப் போலியாக ஒரு பத்திரம் பதிந்திருந்தால் அது இதில்தான் தெரியும். அப்பாவின் இறப்புச் சான்றும் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றும் கடைசிக் கண்ணிகள்.

வாரிசு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா தாமே சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் இறந்த சொத்தில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமமாக மூன்றில் ஒரு பங்கு உண்டு. 'என் மனை' என்று மகன் தனியாக நோட்டீஸ் அனுப்புவதும், மகளின் பெயரை விட்டுவிடுவதும் நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கிறது. பங்குதாரர்களில் ஒருவரே அத்துமீறியவர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்பது சட்டம். ஆனாலும் மூவரும் சேர்ந்து அனுப்புவதே சரி. உரிமை யாருக்கு என்பதையே சொல்லும் காகிதத்தில் உரிமையாளர் ஒருவரை மறைப்பது நியாயமும் அன்று, எதிர்த்தரப்புக்கு ஒரு பிடியும் கொடுக்கிறது.

பட்டாவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பட்டா இருந்தால் போதும் என்றும், பட்டா இல்லையென்றால் எல்லாம் போயிற்று என்றும் இரு விதமாகவும் நம்புகிறார்கள். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. தீர்வை யாரிடம் வசூலிப்பது என்பதற்காக வைத்திருக்கும் பதிவு உரிமையை உண்டாக்காது, பறிக்காது என்று இந்திய நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கின்றன. ஆனால் அது வலுவான துணைச் சான்று. `eservices.tn.gov.in` தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டா விவரத்தை இங்கிருந்தே பார்க்கலாம். அங்கே பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். நம் 2,400 சதுர அடி ஏறத்தாழ 223 சதுர மீட்டர். 100 சதுர மீட்டர் ஓர் ஏர் என்பதால் அது 2.23 ஏர் அளவில் வர வேண்டும். அதற்குப் பதில் பல ஏர் கொண்ட கூட்டுப் பட்டாவில் அப்பாவின் பெயர் இருபது பேரோடு சேர்ந்து நிற்கிறது என்றால், புலம் இன்னும் உட்பிரிவு செய்யப்படவில்லை என்று பொருள். அந்தப் பட்டாவைக் காட்டி 'இந்தத் துண்டு என்னுடையது' என்று நிரூபிக்க முடியாது. பத்திரத்தில் உள்ள நான்கெல்லையும் மனைப்பிரிவு வரைபடமும்தான் அந்தத் துண்டை அடையாளம் காட்டும். 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரில் யுடிஆர் என்று சொல்வார்கள், பல கிராமங்களில் புல எண்கள் உட்பிரிவாகி மாறின. தாய்ப் பத்திரத்தில் பழைய எண்ணும் பட்டாவில் புதிய எண்ணும் இருப்பது அதனால்தான். நோட்டீஸில் இரண்டையும் எழுத வேண்டும்.

சில நேரம், தளத்தில் பார்த்தால் பட்டா ஆக்கிரமித்தவர் பெயருக்கே மாறியிருக்கும். அதைக் கண்டதும் மனம் உடைந்துபோகத் தேவையில்லை. பட்டா மாற்ற உத்தரவை எதிர்த்து வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யும் வழி இருக்கிறது. ஆனால் அந்த நிலையில் நம் உரிமைக்கே மறுப்பு வந்துவிட்டது என்பதால், நீதிமன்றத்தில் வெறும் காலி செய்யும் கோரிக்கை போதாது. உரிமை எங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உரிமையில் நிழல் விழுந்து, அனுபவமும் கையை விட்டுப் போன இடத்தில் விளம்புகை, அனுபவ மீட்பு, தடையாணை மூன்றையும் சேர்த்துக் கேட்பதே முறை என்று 2008இல் அனதுல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிதான் இன்றும் வழக்கறிஞர்கள் கையாளும் வழி.

நோட்டீஸ் எழுதுமுன் அளந்துவிடுவது நல்லது. நில அளவையர் வந்து புல வரைபடப்படி எல்லைக் கல் காட்டியபின், கொட்டகை முழுவதும் நம் மனையில் இல்லை, நான்கு அடிதான் நம் பக்கம் வந்திருக்கிறது என்று தெரிய வந்த கதைகளும் உண்டு. 'முழு மனையையும் ஆக்கிரமித்தீர்' என்று எழுதிவிட்டு வழக்கில் நான்கடிக்கு இறங்கி வருவது மானக்கேடு மட்டுமன்று, நம் மற்றக் கூற்றுகளின் நம்பகத்தையும் கெடுக்கும். இங்கிருந்தே செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு: கூகுள் எர்த் செயலியில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். 2018 தொடக்கத்துப் படத்தில் மூலை வெறுமையாகவும் பின்னைய படத்தில் வெள்ளைக் கூரையும் தெரிந்தால், கொட்டகை எப்போது வந்தது என்பதற்கு அது உதவியான தடயம்.

இவை கையில் இருந்தால் நோட்டீஸின் உடல் எளிதாக அமையும். உதாரணத்துக்கு அதன் மையப் பத்திகளை எழுதிக் காட்டுகிறேன். வழக்கறிஞர் தம் கட்சிக்காரர்களுக்காக எழுதும் நடை இது. ஆவண எண்கள் வரும் இடத்தைக் கோடிட்டு விட்டிருக்கிறேன்.

'கீழ்க்கண்ட அ தபசில் சொத்து எனது 1ஆம் கட்சிக்காரரின் கணவரும் 2, 3ஆம் கட்சிக்காரர்களின் தந்தையுமானவரால் 1994ஆம் ஆண்டின் ____ எண் கிரையப் பத்திரம் மூலம் கிரையம் பெறப்பட்டு, அன்று முதல் அவருடைய சுவாதீனத்தில் இருந்து வந்தது. அவர் 2011இல் காலமானதைத் தொடர்ந்து எனது கட்சிக்காரர்கள் மூவரும் அவருடைய சட்டப்படியான வாரிசுகள் என்ற முறையில் அச்சொத்துக்கு முழு உரிமை உடையவர்கள்.

'எனது 1ஆம் கட்சிக்காரர் 2014 ஜூன் மாதம் வெளியூர் செல்ல நேர்ந்தபோது, மேற்படி மனையைக் கவனித்துக்கொள்ளவும், அதில் ஆடு கட்டிக்கொள்ளவும் தங்களுக்கு வாய்மொழியாக, எவ்விதக் கைம்மாறுமின்றி அனுமதி அளித்தார். அந்த அனுமதியின்படி மட்டுமே தாங்கள் அம்மனைக்குள் வந்து போனீர்கள். அதில் தங்களுக்கு எவ்வித உரிமையோ பாத்தியமோ ஏற்படவில்லை.

'2019 ஜனவரி மாதம், எனது கட்சிக்காரர்களின் அனுமதியின்றி, தாங்கள் மனையைச் சுற்றி வேலி அமைத்துப் பூட்டியதுடன், ஆ தபசிலில் கண்ட பகுதியில் கொட்டகையும் எழுப்பியுள்ளீர்கள். மேற்படி அனுமதி இந்த அறிவிப்பின் மூலம் ரத்து செய்யப்படுகிறது. இந்த அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் வேலி, பூட்டு, கொட்டகை ஆகியவற்றை அகற்றி, காலிமனையாக எனது கட்சிக்காரர்களிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

மூன்றாம் பத்தியில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள். வேலி போட்டதை அனுமதி மீறல் என்று சொல்லிவிட்டு, அனுமதியையும் வெளிப்படையாக ரத்து செய்கிறோம். அனுமதியில் இருப்பவருக்கு அதை விலக்கிக்கொண்டு, பொருள்களை எடுத்துச் செல்ல நியாயமான அவகாசமும் தர வேண்டும். மாடும் கொட்டகையும் உள்ள இடத்துக்கு 30 நாள் நியாயமானது. மூன்றே நாளில் காலி செய் என்று மிரட்டலாக எழுதுவதில் வீரம் இருக்கலாம், பயன் இல்லை.

தபசில் என்பது சொத்து விவர அட்டவணை. அ தபசிலில் முழு மனை: மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் பழையதும் புதியதும், மனை எண், நான்கெல்லை, அடி அளவு, சதுர அடி. ஆ தபசிலில் கொட்டகை நிற்கும் வடமேற்கு மூலைத் துண்டு: கிழமேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடி, மொத்தம் 240 சதுர அடி. பின்னர் தீர்ப்பு வந்தால், அதை நிறைவேற்றப் போகும் நீதிமன்ற அமீனா எந்தச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதை இந்த இரண்டு பத்திகள்தான் சொல்லும். ஆகவே வழக்கறிஞரின் வரைவு வந்ததும் முதலில் தபசிலைப் பத்திரத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கிழக்கும் மேற்கும் இடம் மாறுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தட்டச்சுப் பிழை.

அசல் பத்திரங்களை யாருக்கும் அனுப்ப வேண்டாம். நோட்டீஸுடன் நகல் இணைப்பதும் கட்டாயமில்லை. எண்ணும் ஆண்டும் போதும், பதிவான ஆவணத்தை அவர் விரும்பினால் அலுவலகத்தில் நகலெடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே உள்ள வழக்கறிஞரைக் கொண்டு ஆங்கிலத்தில் கடிதம் அனுப்பினால் எடுபடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். இந்தியச் சட்டப்படி நிலத்தைப் பற்றிய வழக்கு அந்த நிலம் இருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான் தொடுக்கப்பட வேண்டும். எனவே பட்டுக்கோட்டையில் வழக்காடும் ஒரு வழக்கறிஞர், பெறுபவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் அனுப்புவதே பொருத்தம். நோட்டீஸுக்குப் பவர் பத்திரம் தேவையில்லை. நீங்கள் எழுத்தில் தரும் அறிவுறுத்தல் போதும். நில அளவைக்கு விண்ணப்பிக்கவும் வழக்கு நடத்தவும் ஊரில் ஒருவர் வேண்டுமென்றால் பவர் தேவைப்படும். அதை இங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தின் அப்போஸ்டில் சான்று பெறலாம். ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான அப்போஸ்டில் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது, இந்தியா அதற்கு முன்பே உறுப்பு நாடு. அந்தப் பவர் இந்தியாவை அடைந்த மூன்று மாதங்களுக்குள் அங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். பவரில் விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள். மனையை மீட்கப் போனவருக்கு விற்கும் அதிகாரம் எதற்கு?

அனுப்பும் முறை சிறிய விஷயம்போலத் தோன்றும். சரியான முகவரியிட்டு, தபால் கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் உரியவருக்குக் கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்ற அனுமானம் 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தில் இருக்கிறது. இந்திய அஞ்சல் துறை 2025இல் பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டது. ஆகவே கொடுக்கும்போதே, பெற்றதற்கான ஒப்புகைச் சான்று வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். வாங்க மறுத்ததாக எழுதித் தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்தால், பயன்படாமல் போயிற்று என்று நினைத்து உறையைக் கிழித்துவிடாதீர்கள். ஒட்டியபடியே, தபால்காரரின் குறிப்போடு, பிரிக்காமல் கோப்பில் வைக்க வேண்டும். நீதிமன்றத்தில் அந்த உறையே சான்று.

காத்திருக்கும் நாட்களில் செய்யக் கூடாத ஒன்று உண்டு. விடுமுறைக்குப் போன கையோடு ஜேசிபியை வரவழைத்துக் கொட்டகையை இடிப்பது. நிலைபெற்ற அனுபவத்தில் இருப்பவரை, அவர் அத்துமீறியவரே ஆனாலும், சட்ட வழியன்றி வெளியேற்ற முடியாது என்பது அங்கே நிலைத்துவிட்ட நெறி. அப்படி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், உரிமை யாருடையது என்று பார்க்காமலே அனுபவத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவு வரலாம். வட்டாட்சியரிடமும் காவல் நிலையத்திலும் மனு கொடுக்கலாம்தான். ஆனால் ஆக்கிரமிப்பை அகற்ற வருவாய்த் துறைக்கு அதிகாரம் தரும் 1905ஆம் ஆண்டின் சட்டம் அரசு நிலத்துக்கானது. தனியார் மனைக்கு அது பொருந்தாது. காவல் நிலையத்திலும் பெரும்பாலும் இது உரிமையியல் வழக்கு என்றே திருப்பி அனுப்புவார்கள்.

பதில் வந்தால் அதை நிதானமாகப் படிக்க வேண்டும். 'இது என் பாட்டனார் சொத்து' என்று வந்தால் விளம்புகை வழக்குக்குத் தயாராக வேண்டும். அவர் சொல்லும் பத்திர எண்ணை உடனே வில்லங்கச் சான்றில் தேட வேண்டும். '12 ஆண்டுக்கு மேல் என் அனுபவம்' என்று வந்தால் எந்த நாள் முதல் என்று அவர் சொல்கிறாரோ அந்த நாளைத் தனியே குறித்துக்கொண்டு, அந்தக் கணக்கிலும் காலம் கடந்துவிடாதபடி வழக்கைத் தொடுக்க வேண்டும். நம் கணக்கு 2031 என்பதற்காக 2030வரை காத்திருப்பது ஆபத்து. எதிர்பாராத விதமாக இப்படியும் ஒரு பதில் வரக்கூடும்: 'தங்கள் தாயார் பார்த்துக்கொள்ளச் சொன்னதால்தான் நான் செலவு செய்து வேலி போட்டேன். அந்தச் செலவைக் கொடுத்தால் காலி செய்கிறேன்.' படித்ததும் ஆத்திரம் வரும், ஆனால் கையெழுத்துள்ள அந்தத் தாளில் அவர் மனை நம்முடையது என்பதை ஒப்புக்கொண்டிருக்கிறார். காலவரையறைச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி, கெடு முடியுமுன் எழுத்தில் கையெழுத்திட்டுத் தரும் ஒப்புதலிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். கல்தூணுக்கும் கம்பிக்கும் எவ்வளவு ஆனது என்று அவரிடம் எழுத்திலேயே கேட்டுவிட்டு, அவருடைய கடிதத்தை அது வந்த உறையோடு சேர்த்து அசலாக வழக்கறிஞரிடம் கொடுத்து வையுங்கள்.